ஞானப்பெற்றோர் சொல்லும் வாக்கு பிறந்த கதை

கத்தோலிக்கக் கோவிலில் ஒரு கைக்குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது, தலையில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சற்று முன்பு, குருவானவர் பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் பார்த்து ஆறு கேள்விகள் கேட்பார். முதல் மூன்றும் பாவத்தையும் சாத்தானையும் விட்டுவிடுவதைப் பற்றியவை. அடுத்த மூன்றும் தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவொரு கடவுளை நம்புவதைப் பற்றியவை. "விட்டுவிடுகிறேன்", "நம்புகிறேன்" என்று அவர்கள் பதில் சொல்வார்கள். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

சுற்றி நிற்கும் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். பச்சைக் குழந்தைக்குப் பேச வராது, அதனால் அதற்குப் பதிலாக ஞானப்பெற்றோர் பேசுகிறார்கள் என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். 1969 வரை அது முழுக்கச் சரியான பதில். அந்த ஆண்டு வெளிவந்த புதிய சடங்குமுறையில் கேள்விகள் ஏறத்தாழ அப்படியே இருந்தன. பதில் சொல்பவர் யார் என்பது மாறிவிட்டது. இப்போது ஞானத்தந்தையும் ஞானத்தாயும் குழந்தையின் வாயாகப் பேசுவதில்லை. தங்களுடைய சொந்தத் திருமுழுக்கின் வாக்கைத் தாங்களே புதுப்பிக்கிறார்கள். அந்த அடித்தளத்தின் மீதுதான் குழந்தையை நம்பிக்கையில் வளர்க்க உதவுவோம் என்ற வாக்கு நிற்கிறது. இந்த ஒரு மாற்றம் வந்துசேர ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கார்த்தேஜில் எழுந்த கவலை

தொடக்கத் திருச்சபையில் திருமுழுக்குக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். கேள்விகளுக்கு அவர்களே பதில் சொன்னார்கள். அவர்களோடு வந்து நின்றவரின் வேலை வேறு: இவர் யோக்கியமானவர்தான் என்று சாட்சி சொல்வது. 380-களில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண்மணி இதை நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். தவக்காலத்தின் தொடக்கத்தில் ஆயர் ஆசனத்தில் அமர்ந்திருப்பார். திருமுழுக்குக் கேட்பவர்கள் ஆண்களானால் ஞானத்தந்தையோடும் பெண்களானால் ஞானத்தாயோடும் ஒவ்வொருவராக வருவார்கள். இவர் பெற்றோரை மதிக்கிறவரா, குடிக்கிறவரா, பொய் சொல்கிறவரா என்று அக்கம்பக்கத்தாரிடம் ஆயர் விசாரிப்பார். பதில் திருப்தியாக இருந்தால்தான் பெயர் பதிவாகும்.

கைக்குழந்தைகளையும் கொண்டுவந்தபோது இந்த ஏற்பாடு போதவில்லை. குழந்தையின் நடத்தையைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒன்றுமில்லை. அதனால் சாட்சியாக நின்றவர் பதில் சொல்பவராக மாறினார். ஹிப்போலிட்டஸின் பெயரோடு சேர்த்து வழங்கிவரும் 'திருத்தூதர் மரபு' என்ற பழைய ஒழுங்கு நூல் இதற்கு வழி சொல்கிறது: தங்களுக்காகத் தாங்களே பேசக்கூடிய பிள்ளைகள் பேசட்டும், முடியாதவர்களுக்காகப் பெற்றோரோ குடும்பத்தில் வேறொருவரோ பேசட்டும்.

இதிலுள்ள ஆபத்தை முதலில் எடுத்துச் சொன்னவர் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன். ஏறத்தாழ 200-ஆம் ஆண்டில் திருமுழுக்கைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் இன்றும் கிடைக்கிறது. அவசரம் இல்லாதபோது சிறு பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்காமல் தள்ளிப்போடுவதே நல்லது என்பது அவர் கட்சி. அதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று ஞானப்பெற்றோர்மீது கொண்ட அக்கறை. வாக்குக் கொடுத்தவர் அதை நிறைவேற்றும் முன்பே இறந்துபோகலாம். இறக்காமல் இருந்தாலும், பிள்ளை வளர்ந்து கெட்ட வழியில் போகலாம். அடுத்தவர் செய்யப்போவதற்கு ஒருவரை எதற்காகப் பொறுப்பாளியாக்க வேண்டும் என்று கேட்கிறார் அவர்.

குழந்தைத் திருமுழுக்கைத் தள்ளிப்போடச் சொன்ன அவருடைய ஆலோசனையைத் திருச்சபை ஏற்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி மட்டும் உயிரோடு இருந்தது. ஒருவர் இன்னொருவருடைய மனத்துக்காக வாக்குக் கொடுக்க முடியுமா?

போனிஃபாஸ் ஆயரின் கடிதம்

இரண்டு நூற்றாண்டு கழித்து, அதே வட ஆப்பிரிக்காவில், போனிஃபாஸ் என்ற ஆயர் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கிப் புனித அகுஸ்தீனாருக்கு அனுப்பினார். அகுஸ்தீனார் எழுதிய பதில் அவருடைய கடிதத் தொகுப்பில் 98-ஆவது கடிதமாக இருக்கிறது. போனிஃபாஸின் கேள்வியையும் அதிலிருந்துதான் நாம் தெரிந்துகொள்கிறோம்.

அன்றைய ஆப்பிரிக்கச் சடங்கில் குழந்தையைத் தூக்கி வந்தவர்களிடம், "இவன் கடவுளை நம்புகிறானா?" என்று கேட்பார்கள். "நம்புகிறான்" என்று அவர்கள் பதில் சொல்வார்கள். கேள்வியும் பதிலும் படர்க்கையில் இருந்தன. போனிஃபாஸுக்கு இடறியது இந்த இடம்தான். ஒரு குழந்தையை முன்னால் நிறுத்தி, இவன் வளர்ந்ததும் ஒழுக்கமாக இருப்பானா, திருடாமல் இருப்பானா என்று கேட்டால் தெரியாது என்கிறோம். இந்த நிமிடம் இவன் மனத்தில் நல்ல நினைப்பு ஓடுகிறதா, கெட்ட நினைப்பு ஓடுகிறதா என்று கேட்டாலும் தெரியாது என்கிறோம். அப்படியிருக்க, கடவுள் என்றால் என்னவென்றே அறியாத பிள்ளை நம்புகிறான் என்று மட்டும் எப்படித் துணிந்து சொல்கிறார்கள்? மரபு என்று சொல்லித் தட்டிக்கழிக்காமல் காரணத்தைச் சொல்லுங்கள் என்றும் அவர் கேட்டுக்கொண்டார்.

அகுஸ்தீனார் கேள்வியை மதித்தே பதில் சொன்னார். பாஸ்கா நெருங்கும்போது, நாளை ஆண்டவருடைய பாடுகள் என்று பேசுகிறோம். அவர் பாடுபட்டது எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு, அதுவும் ஒரே ஒரு முறை. ஆனாலும் அப்படிச் சொல்பவரைப் பொய்யர் என்று யாரும் சொல்வதில்லை. அந்த நிகழ்வைக் கொண்டாடும் நாளுக்கு அந்த நிகழ்வின் பெயரே பொருந்துகிறது. அதுபோலத் திருமுழுக்கு நம்பிக்கையின் அருளடையாளம் என்பதால், அதைப் பெறுகிற குழந்தைக்கும் நம்பிக்கை உண்டு என்று சொல்வது பொய்யாகாது. பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது வரும்போது மறுபடி திருமுழுக்குக் கேட்காது. பெற்றதை விளங்கிக்கொண்டு, தன் விருப்பத்தோடு அதற்கு இசைந்து நடக்கும்.

அதே கடிதத்தில் இன்னொரு விளக்கமும் இருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. குழந்தையைக் கொண்டுவருபவர்கள் எப்போதும் பெற்றவர்களாகவே இருப்பதில்லை என்கிறார் அகுஸ்தீனார். அடிமைகளின் பிள்ளைகளை எசமானர்கள் கொண்டுவருகிறார்கள். பெற்றோர் இறந்துபோன பிள்ளைகளை இரக்கமுள்ள யாரோ கொண்டுவருகிறார்கள். ஈவிரக்கமில்லாமல் தெருவில் போட்டுவிட்டுப் போன சிசுக்களைச் சில சமயம் கன்னியர்கள் எடுத்துவந்து திருமுழுக்குக் கொடுக்கச் செய்கிறார்கள். ஆகவே குழந்தையைத் தூக்கி நிற்கும் கைகள் ஒரு தனி ஆளுடையவை மட்டும் அல்ல. அந்தக் கைகள் வழியாகத் திருச்சபை முழுவதும் குழந்தையை ஏந்தி நிற்கிறது. சொல்லப்படும் நம்பிக்கையும் திருச்சபையின் நம்பிக்கை.

1969-ஆம் ஆண்டுச் சடங்குமுறை இந்தக் கருத்தைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டது. ஆனால் இடையில் கதை வேறு பாதையில் நெடுந்தூரம் போனது.

பேரரசர் வைத்த தேர்வு

6-ஆம் நூற்றாண்டில், இன்றைய தென் பிரான்சில் உள்ள ஆர்ல் நகரின் ஆயராக இருந்த செசாரியுஸ், ஞானப்பெற்றோரைப் பார்த்துத் திரும்பத் திரும்ப மறையுரை ஆற்றினார். பிள்ளைகளுக்காகக் கடவுள்முன் ஜாமீன் நிற்கிறீர்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். ஜாமீன் நின்றவர் கடன் அடையும் வரை விலக முடியாது. நம்பிக்கை அறிக்கையையும் ஆண்டவர் கற்பித்த செபத்தையும் நீங்களே மனப்பாடம் செய்யுங்கள், பிறகு உங்கள் ஞானப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றார். அதாவது ஞானப்பெற்றோரின் கடமை, தெளிவாகச் சுட்டிக்காட்டக்கூடிய இரண்டு பாடங்களாக அவரிடம் உருப்பெற்றது.

இந்த இரண்டு பாடங்களையும் தேர்வாகவே வைத்தவர் பேரரசர் சார்லமேன். 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியேஜ் ஆயர் கெர்பால்டுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இந்தச் சம்பவம் இருக்கிறது. திருக்காட்சிப் பெருவிழா அன்று, குழந்தைகளைத் திருமுழுக்குத் தொட்டியிலிருந்து ஏந்திக்கொள்ள ஞானப்பெற்றோராகப் பலர் வந்து நின்றார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்கச் சொன்னார் பேரரசர். நம்பிக்கை அறிக்கையும் ஆண்டவர் கற்பித்த செபமும் மனப்பாடமாகத் தெரியுமா என்பதுதான் கேள்வி. பலருக்குத் தெரியவில்லை. அவற்றைக் கற்றுக்கொண்டு ஒப்பிக்கும் வரை யாருக்கும் ஞானப்பெற்றோராக நிற்கக்கூடாது என்று அவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டார். அவர்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள் என்றும் கடிதம் சொல்கிறது.

இது கடுமையாகத் தெரியலாம். ஆனால் பேரரசர் கேட்டது நியாயமான கேள்வி. தனக்கே தெரியாததை ஒருவர் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதாக எப்படி வாக்குக் கொடுக்க முடியும்? தெர்த்துல்லியன் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். சார்லமேனின் கவனம் ஞானப்பெற்றோரின் நிகழ்காலத்தில் இருந்தது.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 813-இல் மைன்ஸ் நகரில் கூடிய ஆயர் மன்றம், பெற்ற தாயோ தகப்பனோ தன் சொந்தப் பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக நிற்கக்கூடாது என்று விதித்தது. அகுஸ்தீனாரின் காலத்தில் பெற்றோரே முன்வந்து பதில் சொல்வது வழக்கமாக இருந்தது. இப்போது சடங்கில் பெற்றோருக்கு வாயே இல்லாமல் போய்விட்டது. பிள்ளை பிறந்த சில நாட்களுக்குள் திருமுழுக்குக் கொடுத்துவிடும் வழக்கம் பரவியபோது, பிரசவித்த தாய் கோவிலுக்கு வரவும் முடியவில்லை. சடங்கில் குழந்தை, குரு, ஞானப்பெற்றோர் ஆகியோரே எஞ்சினார்கள்.

குழந்தையின் வாயாக நின்ற காலம்

உரோமைச் சடங்கு நூல்களில் கேள்வி படர்க்கையில் இல்லை. குழந்தையைப் பார்த்தே முன்னிலையில் கேட்கப்பட்டது. பதிலும் குழந்தையே சொல்வதுபோலத் தன்மையில் வந்தது. 1614-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல் இந்த வடிவத்தை நிலைப்படுத்தியது. 1960-கள் வரை உலகெங்கும் பெரும்பாலான கத்தோலிக்கக் குழந்தைகள் அந்த முறைப்படிதான் திருமுழுக்குப் பெற்றார்கள்.

அந்தச் சடங்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். குரு ஊதாநிறத் தோள்பட்டை அணிந்து கோவில் வாசலில் நிற்பார். ஞானத்தாயின் கையில் இருக்கும் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து, திருச்சபையிடம் நீ என்ன கேட்கிறாய் என்பார். நம்பிக்கையைக் கேட்கிறேன் என்று ஞானப்பெற்றோர் பதில் சொல்வார்கள். அது உனக்கு எதைத் தரும் என்பார். நிலைவாழ்வை என்பார்கள். பிறகு குழந்தையின் நாவில் துளி உப்பு வைப்பார். உள்ளே திருமுழுக்குத் தொட்டியை நோக்கி நடக்கும்போது குருவும் ஞானப்பெற்றோரும் சேர்ந்து நம்பிக்கை அறிக்கையையும் ஆண்டவர் கற்பித்த செபத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டே போவார்கள். சார்லமேன் கேட்ட அதே இரண்டு பாடங்கள், சடங்கின் உள்ளேயே இடம்பிடித்துவிட்டன.

தொட்டியருகே மறுபடியும் கேள்விகள். சாத்தானை விட்டுவிடுகிறாயா? விட்டுவிடுகிறேன். நம்புகிறாயா? நம்புகிறேன். கடைசியாக, திருமுழுக்குப் பெற விரும்புகிறாயா? விரும்புகிறேன். ஒவ்வொரு பதிலிலும் 'நான்' என்பது குழந்தை. ஞானத்தாய் அந்தக் குழந்தைக்கு நாவை இரவல் கொடுத்தார், அவ்வளவுதான். அவர் தனக்கென்று என்ன நம்புகிறார், இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறார் என்று சடங்கில் ஒரு கேள்விகூட இல்லை. கடமை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை வாய்திறந்து ஏற்கும் இடம் இல்லை. கேள்விகள் இலத்தீனில் இருந்ததால், என்ன பதில் சொல்கிறோம் என்றே பலருக்கு விளங்கவும் இல்லை.

இந்தக் குறையைச் சீர்திருத்தச் சபையினர் முன்பே பார்த்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து கேம்பிரிட்ஜ் வந்து பேராசிரியராக இருந்த மார்ட்டின் புட்சர், 1549-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது வழிபாட்டு நூலை 1551-இல் விரிவாக விமர்சித்தார். புரிந்துகொள்ள முடியாத சிசுவிடம் ஏன் கேள்வி கேட்கிறீர்கள், பிள்ளைக்கு மறைக்கல்வி கிடைக்கப் பார்த்துக்கொள்வீர்களா என்று ஞானப்பெற்றோரையே கேளுங்கள் என்பது அவர் யோசனை. அந்த ஆண்டே அவர் இறந்துபோனார். ஆங்கிலிக்கன் நூல் அவர் சொன்னதை முழுவதும் எடுத்துக்கொள்ளவில்லை. 1662-ஆம் ஆண்டுப் பதிப்பு, குழந்தையின் பெயரால் பதில் சொல்லுங்கள் என்று ஞானப்பெற்றோரைக் கேட்டது. அது பாதி வழி.

சொந்தக் குரல் வந்த வழி

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்தத் திருப்பத்துக்கான வழி குழந்தைத் திருமுழுக்கிலிருந்து திறக்கவில்லை. உயிர்ப்பு விழாவின் இரவிலிருந்து திறந்தது. 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பாஸ்கா திருவிழிப்பைப் புதுப்பித்தார். அதுவரை புனித சனிக்கிழமை காலையில், ஆள் அதிகம் இல்லாத கோவிலில் நடந்துவந்த சடங்கை மறுபடி இரவுக்குக் கொண்டுவந்தார். அதில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: மக்கள் எல்லோரும் கையில் எரியும் மெழுகுவத்தியோடு தங்கள் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பது. அதை மக்களின் மொழியிலேயே சொல்லவும் அனுமதி கிடைத்தது. குழந்தையாக இருந்தபோது வேறொருவர் தனக்காகச் சொன்ன பதிலை, ஒருவர் ஆண்டுதோறும் தன் வாயால், தன் மொழியில் சொல்லும் வாய்ப்பு இப்படி வந்தது.

1963 டிசம்பர் 4-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய கொள்கைத்திரட்டை வெளியிட்டது. அதன் 67-ஆம் எண், குழந்தைத் திருமுழுக்குச் சடங்கைத் திருத்தவேண்டும் என்று கட்டளையிட்டது. சடங்கு, அதைப் பெறுபவர்கள் உண்மையில் கைக்குழந்தைகள் என்பதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் உள்ள பங்கும் கடமைகளும் அதில் தெளிவாகத் தெரியவேண்டும்.

இந்த வேலை ஜெர்மனியின் ட்ரியர் நகரப் பேராசிரியர் பால்தசார் ஃபிஷர் தலைமையிலான குழுவிடம் வந்தது. 1614-ஆம் ஆண்டுச் சடங்கு, வளர்ந்தவர்களுக்காக உருவான முறையைச் சுருக்கிக் குழந்தைகளுக்கு மாட்டிவிட்டது. பேசக்கூடியவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் பேச முடியாதவரிடம் கேட்கப்பட்டதற்கு அதுதான் காரணம். குழந்தைகளுக்கென்றே ஒரு சடங்கை உருவாக்கும் வேலை அவர்கள் முன்னால் இருந்தது. 1969 மே 15-ஆம் தேதி புதிய 'குழந்தைகளின் திருமுழுக்குச் சடங்கு' வெளிவந்தது.

குழு எடுத்த முக்கியமான முடிவு இது: குழந்தை பேசுவதுபோல யாரும் நடிக்க வேண்டாம். குழந்தை குழந்தையாகவே இருக்கட்டும். பேசக்கூடியவர்கள் தங்களைப் பற்றிப் பேசட்டும். அதற்காகக் கேள்விகளை அவர்கள் புதிதாக எழுதத் தேவைப்படவில்லை. பாஸ்கா இரவில் மக்கள் புதுப்பிக்கும் வாக்குறுதி இருக்கவே இருந்தது; அதுவே திருமுழுக்குத் தொட்டியருகே வந்துசேர்ந்தது.

இன்று நடக்கும் முறை

புதிய சடங்கில் ஞானப்பெற்றோரின் வாக்கு இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

முதல் இடம் கோவில் வாசல். குழந்தைக்கு என்ன பெயர், குழந்தைக்காக என்ன கேட்கிறீர்கள் என்று குரு விசாரிப்பது இப்போது பெற்றோரிடம். பிள்ளையை நம்பிக்கையில் வளர்க்கும் கடமை உங்களுக்கு உண்டு, அதை உணர்ந்திருக்கிறீர்களா என்று அவர்களையே முதலில் கேட்பார். அதன் பிறகுதான் ஞானப்பெற்றோர் பக்கம் திரும்புவார். இந்தக் கடமையில் இவர்களுக்கு உதவத் தயாராக இருக்கிறீர்களா என்பார். தயாராக இருக்கிறோம் என்று பதில் வரும். பிறகு குரு குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவார். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அவரைத் தொடர்ந்து இடுவார்கள். நெற்றியில் ஞானப்பெற்றோர் சிலுவை வரைவது பழைய உரோமைச் சடங்குக் குறிப்புகளிலேயே இருக்கும் வழக்கம்.

ஆயிரம் ஆண்டுக்கு மேல் பேச்சற்று இருந்த பெற்றோர் இங்கே முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள். ஞானப்பெற்றோரின் வாக்கு 'உதவுவது' என்று சுருங்கிவிட்டது. இதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. பிள்ளையோடு ஒரே வீட்டில் இல்லாத ஒருவர், முழு வளர்ப்பையும் தலையில் சுமப்பதாக வாக்குக் கொடுத்தால் அது நிறைவேறாது. தாய்தகப்பனுக்குத் துணை நிற்பது நிறைவேற்றக்கூடிய வாக்கு. தெர்த்துல்லியன் பயந்த சுமையில் பாதியை இந்த ஒரு சொல் இறக்கி வைக்கிறது.

இரண்டாவது இடம் தண்ணீர்த் தொட்டியருகே. தண்ணீரை ஆசீர்வதித்த பின்பு குரு பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் நோக்கிப் பேசுவார். குழந்தை இப்போது பெறப்போகும் வாழ்வு பாவத்தால் கெடாமல் காக்கப்பட வேண்டும், நாளுக்கு நாள் வளரவேண்டும் என்பார். அதற்குப் பொறுப்பேற்க உங்கள் நம்பிக்கை உங்களைத் தூண்டினால், உங்கள் சொந்தத் திருமுழுக்கை நினைவுகூர்ந்து பாவத்தை விட்டுவிடுங்கள், நம்பிக்கையை அறிக்கையிடுங்கள் என்பார். ஆறு கேள்விகளும் அதன் பிறகுதான் வரும்.

பதில்கள் முடிந்ததும் குரு, இதுவே திருச்சபையின் நம்பிக்கை என்று உறுதிசெய்ய, கூடியிருப்பவர்கள் ஆமென் என்பார்கள். அடுத்து, பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் இன்னொரு கேள்வி: நாம் எல்லோரும் சேர்ந்து அறிக்கையிட்ட இந்தத் திருச்சபையின் நம்பிக்கையில் குழந்தை திருமுழுக்குப் பெற விரும்புகிறீர்களா? விரும்புகிறோம் என்று அவர்கள் சொன்ன பிறகே மூன்று முறை தண்ணீர் ஊற்றப்படும். பழைய சடங்கில் குழந்தையே விரும்புவதாகச் சொல்லப்பட்டது. இப்போது விரும்புகிறவர்கள் பெரியவர்கள், நம்பிக்கை திருச்சபையுடையது, அதைப் பெறுவது குழந்தை. மூன்றும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. அகுஸ்தீனார் போனிஃபாஸுக்கு எழுதிய பதில் இங்கே சடங்காகவே நடக்கிறது.

பிறகு திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்கான மெழுகுவத்தியை, தகப்பனோ ஞானத்தந்தையோ குடும்பத்தில் ஒருவரோ பாஸ்கா திரியிலிருந்து ஏற்றுவார்கள். இந்த ஒளி அணையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் ஒப்படைக்கப்படுகிறது.

வாக்கு செல்லும் தூரம்

சொந்தக் குரலில் பேசவேண்டும் என்று வந்தபின், அப்படிப் பேசத் தகுதி வேண்டும் என்பதும் கூடவே வந்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 874-ஆம் சட்டம் அதை வரையறுக்கிறது. ஞானப்பெற்றோருக்குப் பொதுவாகப் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும். நற்கருணையும் உறுதிப்பூசுதலும் பெற்ற கத்தோலிக்கராக, நம்பிக்கைக்கும் ஏற்கும் பொறுப்புக்கும் ஒத்த வாழ்க்கை நடத்துகிறவராக இருக்க வேண்டும். பிள்ளையின் தாயோ தகப்பனோ ஆக இருக்கக்கூடாது. வேறு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். ஒருவர் இருந்தாலே போதும். இருவரானால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அந்த எண்ணிக்கை வரம்பு 1563-இல் திரெந்து சங்கம் விதித்தது.

இந்த விதிகளை ஞானப்பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும்போது பல குடும்பங்கள் கவனிப்பதில்லை. வசதியான சித்தப்பா, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மாமா, மோதிரம் போடுவார் என்று எதிர்பார்க்கப்படும் நண்பர் என்று பட்டியல் போகிறது. குழந்தைக்கு இனி ஆண்டுக்கு ஒரு முறைகூட முகம் காட்ட முடியாதவர், நாங்கள் உதவுவோம் என்று கோவில் வாசலில் சொல்லிவிட்டுப் போகிறார். பழைய சடங்காவது அவரைக் குழந்தையின் வாயாக மட்டும் நிறுத்தியது. புதிய சடங்கு அவரிடம் அவருடைய நம்பிக்கையையே கேட்கிறது. தான் நம்பாத ஒன்றை நம்புகிறேன் என்று சொல்ல நேர்வது அவருக்கும் நியாயம் இல்லை, குழந்தைக்கும் நியாயம் இல்லை. அந்த ஆறு கேள்விகளையும் முந்தின வாரமே கையில் கொடுத்து, இவற்றுக்கு மனமாரப் பதில் சொல்வீர்களா என்று கேட்டுவிடுவது நல்ல வழி. தயங்குகிறவர் அப்போதே சொல்லிவிடலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

குழந்தை சாகும் ஆபத்தில் இருந்தால், இந்த வாக்குக்காகத் திருமுழுக்கு காத்திருக்க வேண்டியதில்லை. சரியான நோக்கத்தோடு யாரும் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கலாம். ஞானப்பெற்றோர் இல்லாததால் அந்தத் திருமுழுக்கு செல்லாமல் போவதில்லை. குழந்தை பெறும் அருள் ஞானப்பெற்றோரின் தகுதியைப் பொறுத்ததல்ல. பின்னால் அது வளர்வதற்குத்தான் ஆள்துணை வேண்டும்.

அந்தத் துணை எதுவரை? 1963-ஆம் ஆண்டுக் கொள்கைத்திரட்டின் 71-ஆம் எண், உறுதிப்பூசுதலுக்கு முன்பு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பது பொருத்தம் என்று சொல்கிறது. 1971-ஆம் ஆண்டு வெளிவந்த உறுதிப்பூசுதல் சடங்கில் அப்படியே செய்கிறார்கள். வளர்ந்த பிள்ளை ஆயர்முன் நிற்கும். சாத்தானை விட்டுவிடுவதையும் மூவொரு கடவுளை நம்புவதையும் பற்றிய கேள்விகள் மறுபடி கேட்கப்படும். இந்தமுறை பதிலைப் பிள்ளையே சொல்லவேண்டும். உறுதிப்பூசுதலுக்கும் திருமுழுக்கின் ஞானப்பெற்றோரே உடன் நிற்பது விரும்பத்தக்கது என்கிறது 893-ஆம் சட்டம். அவர் பிள்ளையின் தோளில் வலது கையை வைத்து நிற்பார்.

பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது தன் நம்பிக்கையைச் சொல்லி அதற்குத் துணையாக நிற்பதாக வாக்களித்தவர், இப்போது பதில் சொல்லாமல் பக்கத்தில் நிற்கிறார். அவர் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்பதற்கு விடை அந்தப் பிள்ளையின் வாயில்தான் இருக்கிறது. அந்த விடையைப் பிள்ளை மனமறிந்து சொல்லும்படி இடைப்பட்ட ஆண்டுகளில் கூட இருப்பதைத்தான் அவர் கோவில் வாசலில் ஏற்றுக்கொண்டார்.